14 நாள் வாடகைக்கு எடுத்த டீசல் பம்ப்: எண்ணூர் சைட்டில் ஒரு கணக்குத் தகராறு

கடந்த அக்டோபரில் எண்ணூர் பக்கம் ஒரு சிறிய குடோன் வேலை. அதில் தரைக்கு அடியில் 9 அடி ஆழத்தில் ஒரு சம்ப் கட்ட வேண்டும். நான் அங்கே சைட் சூப்பர்வைசர். கடலோரம் என்பதால் முழுக்க மணல் பூமி. நாலரை அடி தோண்டினாலே தண்ணீர் வந்துவிடும், அதுவும் உப்புத் தண்ணீர். தண்ணீரை இறைத்துக்கொண்டே இருந்தால்தான் அடியில் கம்பி கட்டிக் கான்கிரீட் போட முடியும். அதற்காக மூலக்கடைப் பக்கம் உள்ள ஒரு கடையில் 10 எச்பி டீசல் பம்ப் ஒன்றை நாள் வாடகைக்கு எடுத்தோம். வேலை முடிந்து பம்ப் திரும்பிப் போனபின் கடையிலிருந்து வந்த பில் 32,780 ரூபாய். எங்கள் முதலாளி மனதில் வைத்திருந்த தொகை 13,000. கடைசியில் இரண்டு பக்கமும் ஒத்துக்கொண்டது 19,010. நடுவில் நடந்ததை எழுதக் காரணம், பில்லின் ஒவ்வொரு வரியிலும் உண்மை எந்தப் பக்கம் இருந்தது என்பதை எங்களால் கண்டுபிடிக்க முடிந்தது. பெரும்பாலான வாடகைச் சண்டைகளில் அது முடிவதில்லை, குரல் பெரிதாக இருப்பவர் ஜெயித்துவிடுகிறார்.

பேசிய விதம் இதுதான். நாளுக்கு 1,200 ரூபாய், ஒரு நாள் என்றால் 10 மணி நேர ஓட்டம், அதற்கு மேல் மணிக்கு 120. டீசல் எங்கள் பொறுப்பு. பம்பை ஓட்ட எங்கள் ஆள். ஏற்ற இறக்க வண்டிச் செலவும் எங்களுடையது, அதை அன்றன்றே கொடுத்துவிட்டோம். அட்வான்ஸ் 10,000. இவ்வளவும் போனில் பேசியது. கையில் இருந்த ஒரே காகிதம் டெலிவரி சலான். அதன் அடியில் சின்ன எழுத்தில் "டேமேஜ் அனைத்தும் வாடகைக்கு எடுப்பவர் பொறுப்பு" என்று அச்சிட்டிருந்தது. பம்ப் சும்மா நிற்கும் நாளைப் பற்றியோ ரிப்பேராகும் நாளைப் பற்றியோ அதில் ஒரு வார்த்தை கிடையாது.

6ஆம் தேதி மாலை 5 மணிக்குக் குட்டி யானையில் பம்ப் வந்து இறங்கியது. அன்றைக்கும் மறுநாள் காலையிலுமாக நான் மூன்று காரியம் செய்தேன். பிறகு எங்களைக் காப்பாற்றியதும் எங்கள் தப்பைக் காட்டிக் கொடுத்ததும் அவைதான். முதலாவது, டேங்கில் ஒரு குச்சியை விட்டு டீசல் எவ்வளவு இருக்கிறது என்று பார்த்து, நனைந்த குச்சியை ஸ்கேலோடு வைத்துப் போட்டோ எடுத்தேன். 3 அங்குலம், அதாவது சுமார் 6 லிட்டர். இரண்டாவது, மறுநாள் காலை டெலிவரி ஓஸை ஒரு 200 லிட்டர் டிரம்மில் விட்டு நேரம் பார்த்தேன். 14 விநாடியில் நிரம்பியது. மூன்றாவது, டேங்கை விளிம்பு வரை நிரப்பி, ஒரு மணி நேரம் வேலை வேகத்தில் ஓட்டி, மறுபடி விளிம்பு வரை ஊற்றினேன். 2 லிட்டர் பிடித்தது. பழைய பம்ப், ஹவர் மீட்டர் கிடையாது. அதனால் அந்த 2 லிட்டர்தான் எங்களுக்கு மீட்டர்.

சும்மா நின்ற மூன்று நாள்

7, 8, 9 தேதிகளில் பம்ப் நன்றாக ஓடியது. அடி கான்கிரீட் போட்டாயிற்று. 10ஆம் தேதி வர வேண்டிய கம்பி லாரி வரவில்லை, 12 வரைக்கும் வரவில்லை. கம்பி இல்லாமல் தண்ணீரை இறைத்து என்ன பயன்? பம்பை நிறுத்திவிட்டோம். "ஓடாத இன்ஜினுக்கு எதுக்கு வாடகை?" என்பது எங்கள் முதலாளியின் கேள்வி. கடைக்காரர் சொன்ன பதில், "உங்க கம்பி வரலைன்னா நான் என்ன தம்பி பண்றது? இன்ஜின் உங்ககிட்ட நின்னா எனக்கு அந்த நாள் போச்சு."

அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. நாள் வாடகை என்பது இயந்திரம் நம் கையில் இருப்பதற்கான விலை, ஓட்டத்துக்கு மட்டுமான விலை இல்லை. லாரி வராதது எங்கள் பக்கத்துக் குறை. ஆனால் 10ஆம் தேதி மாலை நான் அவருக்குப் போன் செய்து, இன்னும் இரண்டு நாள் வேலை இல்லை, வேண்டுமானால் எடுத்துக்கொண்டு போங்கள் என்று சொல்லியிருந்தேன். "அங்கயே இருக்கட்டும், மறுபடி ஏத்தி எறக்கறது வேலை" என்றார். திரும்ப எடுக்கும் வாய்ப்பு இருந்தும் அவர் வேண்டாம் என்ற பிறகு, மீதி இரண்டு நாளுக்கு முழு வாடகை கேட்பது சரியில்லை. முதல் நாள் முழு வாடகை, அடுத்த இரண்டு நாள் பாதி என்று முடிந்தது. அந்தப் போன் செய்திருக்காவிட்டால் மூன்று நாளும் முழுதாகக் கொடுத்திருக்க வேண்டும், அதை நானும் ஒத்துக்கொண்டிருப்பேன்.

நாட்களின் எண்ணிக்கையிலும் ஒரு இழுபறி. இறக்கிய 6ஆம் தேதியையும் எடுத்துப்போன 20ஆம் தேதியையும் சேர்த்து அவர் 15 நாள் போட்டிருந்தார். எங்கள் முதலாளி இரண்டையும் விட்டு 13 என்றார். 6ஆம் தேதி மாலை 5 முதல் 20ஆம் தேதி காலை 9 வரை என்றால் 13 நாள், 16 மணி நேரம். 24 மணிக் கணக்கில் மேலே தூக்கி 14 என்று வைத்துக்கொண்டோம். இதில் பெரிய வாதம் இல்லை.

ஆனால் அந்த மூன்று நாள் நிறுத்தம் வாடகையோடு முடியவில்லை. தண்ணீர் ஏறிய குழியில் மணல் கரை இரண்டு பக்கமும் சரிந்து இறங்கியது. 13ஆம் தேதி மறுபடி இறைத்தபோது அடியில் முக்கால் அடிக்கு மணல் சேர்ந்திருந்தது. சப்ஷன் குழாயின் நுனியில் இருக்கும் ஃபுட் வால்வை முன்பு இருந்த இடத்திலேயே ஆட்கள் போட்டுவிட்டார்கள். இப்போது அது மணலில் உட்கார்ந்திருந்தது.

முதல் ரிப்பேர்: தப்பு எங்களுடையது

14ஆம் தேதி காலை பத்தரை மணிக்கு மேஸ்திரி கத்தினார். நான் போய்ப் பார்த்தபோது பச்சை டெலிவரி ஓஸ் காற்றுப் போன டியூப் மாதிரி தொங்கிக் கிடந்தது. இன்ஜின் சத்தம் லேசாகிக் கொஞ்சம் வேகம் கூடியிருந்தது. தண்ணீரின் பாரம் இல்லாவிட்டால் இன்ஜின் அப்படித்தான் பேசும். பம்புக்கும் இன்ஜினுக்கும் நடுவில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது, ரப்பர் கருகிய நாற்றம். பம்பைப் பார்த்துக்கொள்ள வைத்த பையன் டீ குடிக்கப் போய் இருபது நிமிடம் ஆகியிருந்தது.

கடைக்காரர் அனுப்பிய மெக்கானிக் மறுநாள்தான் வந்தார். எங்கள் முதலாளி முதலிலேயே சொல்லிவிட்டார், தேய்ந்த பம்பைக் கொடுத்துவிட்டார்கள், இரண்டு நாள் வாடகை கிடையாது என்று. மெக்கானிக் வயதானவர், நிதானமாகப் பிரித்தார். ஷாஃப்ட் பம்புக்குள் நுழையும் இடத்தில் தண்ணீர் வெளியே வராமல் பிடிப்பது மெக்கானிக்கல் சீல். ஒரு கார்பன் வளையமும் ஒரு செராமிக் வளையமும் ஒன்றோடொன்று உரசிச் சுற்றும், நடுவில் படலமாக நிற்கும் தண்ணீர்தான் அதற்கு எண்ணெய் மாதிரி, சூட்டைத் தணிப்பதும் அதுதான். தண்ணீர் வராமல் ஓடினால் சில நிமிடத்தில் கொதித்துவிடும். அவர் செராமிக் வளையத்தைத் துடைத்து வெயிலில் சாய்த்துக் காட்டினார். நடுவிலிருந்து விளிம்பு நோக்கி மயிரிழை போன்ற வெடிப்புகள், சைக்கிள் சக்கரத்துக் கம்பி போல. ரப்பர் பகுதி விறைத்து, வளைத்தால் பொடிந்தது. "இது பழசாகித் தேய்ஞ்ச சீல் இல்ல. தேய்ஞ்சிருந்தா முகத்துல வட்டமா கோடு விழும். இது சூட்டுல வெடிச்சது" என்றார். பம்புக்குள் சுற்றித் தண்ணீரைத் தள்ளும் இம்பெல்லரையும் கையில் கொடுத்தார். இறகுகளின் நுனி தடிமனாகவே இருந்தது.

தேய்ந்த பம்ப் என்ற எங்கள் வாதத்துக்கு எதிராக என்னிடமே இன்னொரு சாட்சியும் இருந்தது. முதல் நாள் 14 விநாடியில் டிரம் நிரம்பியதை நோட்டில் எழுதியது நான்தான். தேய்ந்த இம்பெல்லர் அப்படித் தள்ளாது. அதை மறைத்துப் பேச எனக்கு மனம் வரவில்லை, முதலாளியிடம் நோட்டைக் காட்டினேன். குழிக்குள் இறங்கி ஃபுட் வால்வை எடுத்தபோது சல்லடையில் முக்கால்வாசி மணலும் பிளாஸ்டிக் கவரும் அடைத்திருந்தது. அதற்கு மேல் பேச ஒன்றுமில்லை. சீலும் கூலியும் 1,800 ரூபாய், பம்ப் நின்ற ஒன்றரை நாள் வாடகை, எல்லாம் எங்கள் தலையில்.

அன்றே ஒரு பழைய பெயிண்ட் டிரம்மில் சுற்றிலும் ஓட்டை போட்டு, குழியின் மூலையில் இறக்கி, சுற்றிலும் முக்கால் இஞ்ச் ஜல்லியைக் கொட்டி, ஃபுட் வால்வை அதற்குள் அடியிலிருந்து ஒரு அடி உயரத்தில் தொங்கவிட்டோம். முதல் நாளே செய்திருக்க வேண்டியது. அதற்குப் பிறகு மணல் ஏறவில்லை.

இரண்டாவது ரிப்பேர்: தப்பு அவர்களுடையது

17ஆம் தேதி மதியம் வேறு மாதிரி. இன்ஜின் சத்தம் ஏறி இறங்கி, ஏறி இறங்கி, பாரம் பிடிக்கும்போது திணறி, தானாக அணைந்தது. திரும்ப ஸ்டார்ட் செய்தால் ஐந்து நிமிடம் ஓடி மறுபடி அணைந்தது. டேங்கில் டீசல் பாதிக்கு மேல் இருந்தது. "கேன்ல கண்ட டீசலையும் ஊத்தியிருப்பீங்க" என்றார் கடைக்காரர்.

மறுநாள் வந்த அதே மெக்கானிக், ஃபில்டரைக் கழற்றுவதற்கு முன் எங்கள் கேனில் மிச்சமிருந்த டீசலை ஒரு வெள்ளைப் பாட்டிலில் ஊற்றி வெயிலில் வைத்தார். அரை மணி நேரம் கழித்தும் அடியில் எதுவும் படியவில்லை, தண்ணீரும் பிரியவில்லை. பிறகு ஃபில்டரைத் திறந்தார். காகித மடிப்புகள் தெரியாத அளவுக்குத் தார் போலக் கறுப்புச் சேறு. டேங்கின் அடித் திருகை அவிழ்த்தபோது முதலில் வந்தது துரு கலந்த தண்ணீர். பத்து நாளில், 150 லிட்டர் டீசலில் சேரும் அழுக்கு அல்ல அது. பல மாதமாக மாற்றாத ஃபில்டர், கழுவாத டேங்க். கடைக்காரரிடம் போனில் அவரே சொன்னார். ஃபில்டர் செலவு 900 பில்லிலிருந்து போனது. 17 மதியம் முதல் 18 மதியம் வரை ஒரு நாள் வாடகையும் போனது.

இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872ன் 150ஆவது பிரிவு இந்த இடத்துக்குச் சரியாகப் பொருந்தும். பொருளை வாடகைக்குக் கொடுப்பவர், அதில் உள்ள குறை தனக்குத் தெரியாது என்று சொல்லித் தப்ப முடியாது. அந்தக் குறையால் வரும் நஷ்டத்துக்கு அவர் பொறுப்பு. எடுப்பவர் பக்கம் 151ஆவது பிரிவு. தன் சொந்தப் பொருளை ஒரு சாதாரண மனிதர் எவ்வளவு கவனமாகப் பார்த்துக்கொள்வாரோ, அவ்வளவு கவனம் வேண்டும். டீ குடிக்கப் போன இருபது நிமிடத்தில் நாங்கள் தவறியது அதில்தான்.

டீசல் நோட்டு சொன்னது

கடைக்காரர் பில்லில் முழு டேங்க் டீசல் என்று 15 லிட்டருக்கு 1,380 ரூபாய் கேட்டிருந்தார். வந்தபோது 3 அங்குலம்தான் என்ற போட்டோவைக் காட்டியதும் அது தீர்ந்தது. திரும்பிப் போனபோது 1 அங்குலம், சுமார் 2 லிட்டர். குறைந்தது 4 லிட்டர், 370 ரூபாய் கொடுத்துவிட்டோம்.

ஆனால் இந்தக் கணக்கைப் போட உட்கார்ந்தபோது எனக்கு வேறொன்று இடித்தது. நோட்டில் எழுதிய ஓட்டம் மொத்தம் 66 மணி நேரம். மணிக்கு 2 லிட்டர் என்றால் 132 லிட்டர் செலவாகியிருக்க வேண்டும். பங்க் ரசீதுகளைக் கூட்டி, டேங்கில் குறைந்த 4 லிட்டரையும் சேர்த்து, கேனில் மிச்சம் இருந்ததைக் கழித்தால் உண்மையில் செலவானது 162 லிட்டர். 30 லிட்டர் எங்கே? முதலில் திருட்டு என்றுதான் நினைத்தேன். சைட்டில் டீசல் காணாமல் போவது புதிதில்லை. ஆனால் 30ஐ 2ஆல் வகுத்தால் 15 மணி நேரம். 8, 9 தேதி இரவுகளில் இடியோடு மழை பெய்தது ஞாபகம் வந்தது. அந்த இரண்டு காலையிலும் குழியில் தண்ணீர் நான் பயந்த அளவு இல்லை.

வாட்ச்மேனைக் கூப்பிட்டுக் கேட்டேன். மனுஷன் தயங்காமல் சொன்னார், "மழை ஊத்திச்சு சார். கரை விழுந்துடும்னு நான்தான் போட்டேன். மொதல் ராத்திரி பத்து மணியிலேர்ந்து அஞ்சு வரைக்கும், ரெண்டாவது ராத்திரி இன்னும் ஒரு மணி நேரம் சேத்து." ஏழும் எட்டும் பதினைந்து. அவர் அப்போது கரையைக் காப்பாற்றினார், நான் நன்றி சொல்ல வேண்டியவர். நோட்டில் எழுத அவரிடம் யாரும் சொல்லவில்லை, அது என் குறை.

இப்போது இது கடைக்காரருக்குத் தெரியாத ஓட்டம். அந்த இரண்டு நாள் பகலில் 8 மணி நேரமும் 9 மணி நேரமும் ஓடியிருந்தது. இரவையும் சேர்த்தால் 15, 17. பத்துக்கு மேல் போனது 5ம் 7ம், ஆக 12 மணி நேரம், 1,440 ரூபாய். முதலாளி ஒரு நிமிடம் யோசித்தார். பிறகு, "எழுதிடு. அவங்க ஃபில்டரை ஒத்துக்கிட்டாங்க இல்ல" என்றார். நாங்களாக இதைச் சொன்னபோது போனில் அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. மீதி இரண்டு விஷயமும் கோபமில்லாமல் பேசி முடிய அதுதான் வழி செய்தது என்று நினைக்கிறேன்.

திரும்பிப் போனபோது

20ஆம் தேதி காலை பம்ப்பை வண்டியில் ஏற்றி அனுப்பினோம். இரண்டு பக்கமும் சேர்ந்து பார்க்கவில்லை, சலானில் நிலைமை எழுதவில்லை. 22ஆம் தேதி கடையிலிருந்து போன்: பம்ப் உடம்பு துருப்பிடித்து ஓட்டை, புது கேசிங் 6,500; ஓஸ் கிழிந்திருக்கிறது, புது ரோல் 4,200.

ஓஸ் கிழிந்தது உண்மை. எங்கள் ஜல்லி லாரி ஏறிய இடம். ஆனால் அந்த ஓஸில் ஏற்கெனவே இரண்டு இடத்தில் கிளிப் போட்டு ஒட்டியிருந்தார்கள், அது இறக்கிய நாள் போட்டோவில் தெரிகிறது. பழைய ஓஸுக்குப் பதில் புது ரோல் கேட்க முடியாது. கிழிந்த மூன்று மீட்டரை வெட்டி, நடுவில் இணைப்பு வைத்துக் கொடுப்பதற்கு 700 என்று முடிந்தது.

கேசிங்தான் கடினம். உப்புத் தண்ணீர் இறைத்தது நாங்கள். முடித்தபின் பத்து நிமிடம் நல்ல தண்ணீர் விட்டு ஓட்டிக் கழுவ வேண்டும், அதையும் செய்யவில்லை. இரண்டு நாள் ஈரத்தோடு நின்று உள்ளே ஆரஞ்சு நிறத்தில் துரு பூத்திருந்தது. நான் கடைக்கே போனேன். மெக்கானிக் ஒரு ஸ்க்ரூ டிரைவரால் அந்தத் துருவைத் தேய்த்தார், பொடியாக உதிர்ந்து அடியில் சாம்பல் நிற இரும்பு தெரிந்தது. அது எங்கள் துரு. பிறகு ஓட்டை விழுந்த இடத்துக்குப் பக்கத்தில் அதே ஸ்க்ரூ டிரைவரை அழுத்தினார். அது இரும்பில் நிற்காமல் பென்சில் ஊசியைக் கீறியது போலக் கறுப்பாகச் சீவிக்கொண்டு உள்ளே போனது. வார்ப்பிரும்பு வருடக் கணக்கில் உப்புத் தண்ணீரில் கிடந்தால் அதிலுள்ள இரும்பு கரைந்துபோய், கிராஃபைட் மட்டும் அதே வடிவத்தில் நிற்கும். வெளியே பார்த்தால் முழுசாகத் தெரியும், கத்தியால் சீவலாம். 14 நாளில் அப்படி ஆகாது.

கடைக்காரர் சலானின் அடியில் இருந்த அச்சு வரியைக் காட்டினார். அந்த வரியை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. தனியாக ஒப்பந்தம் செய்துகொண்டால் எடுப்பவரின் பொறுப்பு கூடும் என்பதற்குச் சட்டத்தில் இடம் இருக்கிறது. ஆனால் டேமேஜ் என்றால் எங்கள் கையில் இருந்தபோது நேர்ந்தது. ஏற்கெனவே உள்ளே கரைந்து போயிருந்ததை அந்த வார்த்தை எப்படித் தாங்கும்? ஸ்க்ரூ டிரைவர் நுனியில் ஒட்டியிருந்த கறுப்பை அவரே விரலால் தேய்த்துப் பார்த்தார். கேசிங்கை விட்டுவிட்டார். துருவைக் கழுவி எண்ணெய் போட 300 ரூபாய் மட்டும் வாங்கிக்கொண்டார்.

ஆக, 11 முழு நாள், 2 அரை நாள், கூடுதல் ஓட்டம், சீல், ஓஸ், டீசல், கழுவுவது என்று 19,010. அட்வான்ஸ் போக 9,010 அன்றே கொடுத்தோம்.

டிசம்பரில் பக்கத்து மனையில் வேலை வந்தபோது அதே கடையில்தான் எடுத்தோம். கேசிங் புதிது, டேங்கின் பக்கத்தில் ஒரு ஹவர் மீட்டர். வண்டி டிரைவர் இறக்குவதற்கு முன்பே ஒரு குச்சியை எடுத்து டேங்கில் விட்டு, என் போனைக் காட்டி, "போட்டோ எடுங்க சார், அண்ணன் சொல்லி அனுப்பினாரு" என்றார்.